முதல் மாதத்திலேயே பயிற்சி மையத்தை விட்டு விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கேட்கலாம்?

கேள்வி: என் மகளை நீட் மறுமுயற்சி வகுப்பில் சேர்த்து, மொத்தக் கட்டணம் 1,41,600 ரூபாயையும் ஒரே தவணையில் கட்டினேன். ஜூன் 2-ஆம் தேதி வகுப்பு தொடங்கியது. மூன்று வாரத்தில் அவளுக்குக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்ததால் விலகிவிட்டாள். பணத்தைக் கேட்டால், ‘எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்கிறார்கள். முழுப் பணத்தையும் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

பதில்: முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். உங்கள் மகள் உட்கார்ந்து படித்த நாட்களுக்கும் வாங்கிக்கொண்ட புத்தகங்களுக்கும் உரிய தொகையைக் கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள். அந்த மீதியைக் கேட்பதற்கு வலுவான நியாயம் உங்களிடம் இருக்கிறது. ஒரு நுகர்வோர் அமைப்பில் பல ஆண்டுகளாகப் பெற்றோர்களுக்கு இத்தகைய மனுக்களை எழுதித் தந்து வருகிறேன். முழுத் தொகையைக் கேட்டு ஆவேசமாக எழுதப்படும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் பதிலே வருவதில்லை. கணக்குப் போட்டு, தேதி குறிப்பிட்டு, இவ்வளவுதான் கேட்கிறேன் என்று எழுதினால் எதிர்த்தரப்பு உட்கார்ந்து பேச வேண்டியதாகிறது.

முதலில் தேதி. மகள் வகுப்புக்குப் போவதை நிறுத்திய நாளும், விலகிவிட்டதாக நீங்கள் எழுத்தில் தெரிவித்த நாளும் ஒன்றல்ல. பின்னால் தகராறு வரும்போது கணக்கில் கொள்ளப்படுவது பெரும்பாலும் இரண்டாவது நாள்தான். வரவேற்பு மேசையில் நேரில் சொன்னதற்கும், ஆலோசகரிடம் தொலைபேசியில் பேசியதற்கும் சான்று கிடையாது. ‘மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்’ என்று அவர்கள் அனுப்பிவைக்கும் ஒவ்வொரு வாரமும் உங்கள் கணக்கில் ஒரு வாரம் தேய்கிறது. பிறகு, மாணவி ஜூலை இறுதி வரை பதிவேட்டில் இருந்தாள் என்று அவர்கள் சொன்னால் மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஆகவே நீங்கள் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் மையத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: இன்ன பெயர், இன்ன சேர்க்கை எண், இன்ன தேதியிலிருந்து விலகுகிறாள், கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி விரிவான கடிதம் தனியாக வரும். காரணங்களையும் கணக்கையும் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இனி கணக்கு. உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். 1,41,600 என்பது பெரும்பாலும் 1,20,000 ரூபாய் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 21,600 ரூபாயுமாக இருக்கும். அந்த 1,20,000 எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது மையத்துக்கு மையம் மாறும். ஓர் உதாரணத்துக்குப் பதிவுக் கட்டணம் 5,000, பாடப்புத்தகங்கள் 15,000, பயிற்சிக் கட்டணம் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு ஜூன் 2 முதல் மார்ச் 31 வரை என்றால் மொத்தம் 303 நாட்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த நாள் ஜூன் 23 என்றால், அந்த நாளையும் சேர்த்து 22 நாட்கள். விடுமுறை நாட்களைக் கழிக்கப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் காலண்டர் நாளையே எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 330 ரூபாய் வருகிறது. 22 நாட்களுக்கு 7,261 ரூபாய். பயிற்சிக் கட்டணத்தில் மீதி 92,739 ரூபாய்.

புத்தகங்களைத் தனியாகக் கணக்கிடுங்கள். பன்னிரண்டு தொகுதிகளில் மூன்று மட்டுமே கைக்கு வந்திருந்தால், தொகுதி ஒன்றுக்கு 1,250 வீதம் 3,750 ரூபாயை விட்டுக்கொடுங்கள். வராத ஒன்பது தொகுதிகளுக்கான 11,250 ரூபாயைக் கேளுங்கள். மொத்தப் புத்தகமும் முதல் நாளே கொடுக்கப்பட்டுவிட்டது என்றால் அந்த 15,000 ரூபாயைக் கேட்பதில் பலம் குறைவு. பிரிக்காத, எழுதாத புத்தகங்களைத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் பார்க்கலாம், ஏற்பது அவர்கள் விருப்பம். பதிவுக் கட்டணம் 5,000 ரூபாயை விட்டுவிடச் சொல்கிறேன். சேர்க்கை வேலையை அவர்கள் உண்மையில் செய்து முடித்துவிட்டார்கள். அதை நீங்களே முன்வந்து கழித்துக் காட்டினால் மற்ற தொகைகளைப் பற்றி நீங்கள் சொல்வது நம்பும்படி இருக்கும்.

ஆக, வரி நீங்கலாகத் திரும்ப வர வேண்டியது 92,739-உம் 11,250-உம் சேர்ந்து 1,03,989 ரூபாய். அதற்குரிய 18 சதவீத வரி 18,718 ரூபாய். மொத்தம் 1,22,707. மையத்தின் கையில் வரியோடு சேர்த்து 18,893 ரூபாய் நிற்கும். ‘வரியை அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டோம், அதைத் திருப்பித் தர முடியாது’ என்ற பதில் அநேகமாக வரும். அது முழு உண்மையல்ல. கொடுக்காத சேவைக்கான தொகையைத் திருப்பித் தரும்போது, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி மையம் உங்களுக்கு வரவுக் குறிப்பு கொடுத்து, தான் கட்டிய வரியை அடுத்து வரும் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை அதற்கு அவகாசம் உண்டு, அதற்குள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த நாள் வரை. மையத்தின் கணக்காளருக்கு இது நன்றாகத் தெரியும். ‘வரவுக் குறிப்பு வழங்கி வரியையும் சேர்த்துத் தருக’ என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால், அந்தப் பதிலைச் சொல்வது அவர்களுக்குக் கடினமாகிவிடும்.

இப்போது உங்களை மிகவும் அச்சுறுத்தும் அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன். ‘திருப்பித் தரப்படாது’ என்ற வாசகத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டது உண்மை. அதனாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதும் உண்மை. கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள ஒருதலைப்பட்சமான அச்சு வாசகம் போதாது என்ற அடிப்படையில் நுகர்வோர் ஆணையங்கள் பலமுறை மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்திருக்கின்றன. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களை நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவர முடியுமா என்ற வழக்கு நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பயிற்சி மையங்களைப் பற்றி, 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கும் விலக்கு பயிற்சி மையங்களுக்குக் கிடையாது. அவற்றின் சேவைக் குறைபாடு நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வரும். ஆகவே ‘நாங்கள் கல்வி நிறுவனம், எங்கள் மீது நுகர்வோர் வழக்குப் போட முடியாது’ என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம்.

இன்னொரு ஆவணமும் உங்களுக்குத் துணை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்துவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. முழுக் கட்டணமும் செலுத்திய மாணவர் இடையில் விலகினால், மீதிக் காலத்துக்கான கட்டணத்தை விகிதாசாரப்படி 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மையத்தின் விடுதியில் தங்கியிருந்தால் விடுதிக் கட்டணமும் உணவுக் கட்டணமும் அப்படியே. உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் வாசகம் இது. ஆனால் இதன் எல்லையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. மாநில அரசுகள் ஏற்று நடைமுறைப்படுத்துவதற்காகக் கொடுக்கப்பட்ட மாதிரி. அதை மட்டுமே பிடித்துக்கொண்டு ‘சட்டப்படி 10 நாளில் தர வேண்டும்’ என்று எழுதினால், மையத்தின் வழக்கறிஞர் அந்த ஒரு வரியில் உங்களை மடக்குவார். நியாயமான நடைமுறை எது என்று மத்திய அரசே வகுத்திருப்பதற்குச் சான்றாக அதை எடுத்துக்காட்டுங்கள். உரிமைக்கு அடிப்படையாக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

சிலர் பல்கலைக்கழக மானியக் குழுவின் கட்டணத் திருப்ப விதிகளை இணையத்தில் பார்த்து அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். அவை கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியவை. பயிற்சி மையத்துக்கு எழுதும் கடிதத்தில் அவற்றைச் சேர்த்தால், எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்பதுதான் எதிராளிக்குப் புரியும்.

அடுத்தது விலகியதற்கான காரணம். இங்கே நான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் விலகியது கல்லூரியில் இடம் கிடைத்ததால். அதை அப்படியே எழுதுங்கள். மையத்தின் மீது குற்றம் இருந்தால்தான் பணம் வரும் என்று யாரோ சொல்ல, ‘பாடம் புரியவில்லை, ஆசிரியர்கள் சரியில்லை’ என்று பின்னால் எழுதிச் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டாவது வாரத்தில் மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்கும் வழக்கம் பல மையங்களில் இருக்கிறது. ‘மிக நன்று’ என்று மகள் குறியிட்ட அந்தத் தாள் ஆணையத்தின் முன் வந்தால், உங்கள் உண்மையான கோரிக்கையும் அதோடு சேர்ந்து நம்பகத்தை இழக்கும். சொந்தக் காரணத்துக்காக விலகியவர்களின் வழக்கு, குறைபாட்டால் விலகியவர்களின் வழக்கைவிடப் பலம் குறைந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். ‘காலியான இடத்தை வருடம் முழுதும் யாருக்கும் கொடுக்க முடியாது, எங்களுக்கு நஷ்டம்’ என்று மையம் வாதிடும், அந்த வாதம் சில இடங்களில் எடுபடவும் செய்யும். ஆனால் ஜூன் மாதம் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும் மாதம். உங்கள் மகள் விலகிய பிறகும் அதே வகுப்புக்குச் சேர்க்கை நடப்பதாக அவர்கள் விளம்பரம் செய்திருந்தால், அந்தத் துண்டறிக்கையையோ இணையப் பக்கத்தின் படத்தையோ தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நஷ்டம் என்ற வாதத்துக்கு அதைவிடச் சிறந்த பதில் கிடையாது. நான்காவது மாதத்தில் விலகியவருக்கு இந்த வசதி இல்லை. முதல் மாதத்தில் விலகியதால்தான் உங்களுக்கு இருக்கிறது.

உண்மையிலேயே குறைபாடு இருந்திருந்தால் அது வேறு. ஒரு வகுப்புக்கு 40 பேர் என்று சொல்லிவிட்டு 110 பேரை உட்கார வைத்தது, பெயர் சொல்லி விளம்பரம் செய்த ஆசிரியர் ஒரு நாள்கூட வராதது போன்றவற்றை, மகள் விலகுவதற்கு முன்பே நீங்கள் எழுத்தில் முறையிட்டிருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கிளை மேலாளருக்கு எழுதி, தலைமை அலுவலகத்துக்குப் பிரதி அனுப்புங்கள். ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “என் மகள் (பெயர், சேர்க்கை எண்) தங்கள் மையத்தின் நீட் மறுமுயற்சி வகுப்பில் ஜூன் 2 அன்று சேர்ந்தார். மொத்தக் கட்டணம் 1,41,600 ரூபாயை இன்ன ரசீது எண்ணின்படி செலுத்தியுள்ளேன். கல்லூரியில் இடம் கிடைத்துள்ளதால் ஜூன் 23 முதல் விலகுவதாக அன்றே மின்னஞ்சலில் தெரிவித்தேன். அவர் பயின்ற 22 நாட்களுக்கான கட்டணம், பெற்றுக்கொண்ட மூன்று புத்தகத் தொகுதிகளின் விலை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றையும் அவற்றுக்குரிய வரியையும் கழித்து, மீதி 1,22,707 ரூபாயைத் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு இணைக்கப்பட்டுள்ளது. வழங்கப்படாத சேவைக்கான தொகையை நிறுத்திவைப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை என்பது என் நிலைப்பாடு. கல்வி அமைச்சகத்தின் 2024 வழிகாட்டு நெறிமுறைகளும் விகிதாசாரத் திருப்பத்தையே கூறுகின்றன. வரவுக் குறிப்புடன் 15 நாட்களுக்குள் இத்தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். கணக்கில் மாற்றுக் கருத்து இருந்தால் தங்கள் கணக்கை எழுத்தில் தெரிவிக்கவும்.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பதில் கணக்கு அனுப்பினால், திருப்பித் தர வேண்டும் என்பதையே ஒப்புக்கொண்டதாகிறது, தகராறு தொகையைப் பற்றி மட்டும் மிஞ்சும். அனுப்பாவிட்டால், ஆணையத்தின் முன் இருக்கும் ஒரே கணக்கு உங்களுடையது. கடிதத்தை மின்னஞ்சலிலும், ஸ்பீடு போஸ்டில் விநியோகச் சான்றோடும் அனுப்புங்கள். அசல் ரசீது எதையும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

இதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். பணமாகத் தர முடியாது, உங்கள் இளைய பிள்ளைக்கு அடுத்த ஆண்டு அதே தொகையில் இடம் தருகிறோம் என்பார்கள். அல்லது 30,000 தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. ஆனால் அந்தத் தொகையோடு நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் இருந்தால் மீதியைக் கேட்கும் வழி ஏறத்தாழ அடைபட்டுவிடும். சேர்க்கையின்போது போட்ட கையெழுத்தைவிட இது பல மடங்கு ஆபத்தானது. அது அச்சடித்த படிவம். இது தகராறு வந்த பிறகு யோசித்துப் போட்டது.

நீங்கள் ஒரே தவணையில் கட்டியதாகச் சொல்கிறீர்கள். அந்தப் பணம் மையமே ஏற்பாடு செய்த மாதத் தவணைக் கடன் மூலம் போயிருந்தால் கவனம் தேவை. அந்தக் கடன் உங்கள் பெயரில், வேறொரு நிதி நிறுவனத்திடம் இருக்கிறது. மையத்தோடு உள்ள கோபத்தில் தவணையை நிறுத்தினால் அடிபடுவது உங்கள் கடன் மதிப்பெண்தான். தவணையைக் கட்டிக்கொண்டே, விலகிய விவரத்தை நிதி நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

15 நாட்களில் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அல்லது consumerhelpline.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். இது நீதிமன்றம் அல்ல, யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் பெரிய மையங்கள் பல இதற்குப் பதில் சொல்கின்றன. அறுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு 1.56 கோடி ரூபாயை இந்த வழியாகத் திரும்பப் பெற்றுத் தந்ததாக நுகர்வோர் விவகாரத் துறை 2025-இல் அறிவித்தது. ஒற்றைக் கிளை வைத்திருக்கும் சிறிய மையங்களிடம் இந்த அழைப்புக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதில்லை என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அங்கும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். படிவத்தில் ‘வழக்கு இன்ன நகர நீதிமன்றத்தில் மட்டும்’ என்று இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். மனுவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதை முதன்மை வாதமாக வைக்காதீர்கள். அந்த வகைப் புகாரைச் சட்டம் மாநில ஆணையத்திடம் கொடுத்திருப்பதால், மாவட்ட ஆணையம் எங்களுக்கு வரம்பில்லை என்று திருப்பிவிடக்கூடும். ‘சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை’ என்ற இரண்டின்கீழ் எழுதுங்கள். பணம் கட்டிய நீங்களும், 18 வயது நிறைந்திருந்தால் மகளும் சேர்ந்து மனுதாரர்களாக இருப்பது நல்லது.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட வெகுகாலம் ஆகலாம், கேட்ட தொகை முழுதும் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே, கடிதம் கிடைத்த பிறகு மையம் 90,000-க்கு மேல் எழுத்தில் முன்வந்தால் நான் ஏற்கச் சொல்வேன். 30,000 என்றால் ஏற்க வேண்டாம், ஆணையத்துக்குப் போங்கள். முதலில் ரசீதில் உள்ள உண்மையான பிரிவுகளைப் பார்த்து என் உதாரணத் தொகைகளை மாற்றிக்கொள்ளுங்கள். பிரிவே இல்லாமல் ஒரே தொகையாக இருந்தால் 1,20,000 முழுவதையும் 303 நாட்களால் வகுத்து, 22 நாட்களுக்கான 8,713 ரூபாயை மட்டும் கழித்துக் கேளுங்கள். புத்தகம், பதிவு என்று பிரித்துக் காட்டிக் கழிக்க வேண்டிய பொறுப்பு அப்போது அவர்களுடையது.